முழங்கால் வலியும் கமோடின் உயரமும்

கேள்வி: திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் பழைய வீட்டில் இந்தியன் டாய்லெட் மட்டும்தான் இருக்கிறது. அம்மாவுக்கு 69 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். குந்தி உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் புதுச்சேரியில் தங்கை வீட்டுக் கமோடில் போய்விட்டு வந்தால், “முழுசாப் போன மாதிரியே இல்லை” என்கிறார். கடைக்காரர் உயரமான கமோட் வாங்கச் சொல்கிறார். ஆங்கிலோ இந்தியன் வைத்தால் இரண்டு விதமாகவும் உட்காரலாம் என்கிறார் பிளம்பர். எதை வாங்குவது?

– வாசகி, கடலூர்

பதில்: ஆங்கிலோ இந்தியன் வேண்டாம். மிக உயரமான கமோடும் உங்கள் தாயாருக்குத் தேவைப்படாது என்றே நினைக்கிறேன். அவருடைய கால் அளவுக்குப் பொருந்தும் ஒரு கமோட், பக்கச் சுவரில் உறுதியான கைப்பிடி, உட்கார்ந்த பிறகு பாதத்தை வைத்துக்கொள்ள ஒரு சிறிய ஸ்டூல் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் முழங்காலும் தப்பும், வயிறும் காலியாகும்.

அம்மா சொல்வது பழக்கக் கோளாறு மட்டும் அல்ல, உடலமைப்பில் அதற்குக் காரணம் இருக்கிறது. மலக்குடலின் கீழ்ப்பகுதியைப் பியூபோரெக்டாலிஸ் என்ற தசை பின்புறமாகச் சுற்றி முன்னோக்கி இழுத்துப் பிடித்திருக்கிறது. தோட்டத்துக் குழாயை மடக்கினால் தண்ணீர் நிற்பதைப் போல, அந்த மடிப்பால்தான் நாம் நிற்கும்போதும் நடக்கும்போதும் மலம் தங்கி நிற்கிறது. முழுதாகக் குந்தும்போது இந்தத் தசை நன்றாகத் தளர்ந்து மடிப்பு நிமிர்கிறது. நாற்காலியில் உட்காருவது போல நேராக உட்காரும்போது அது ஓரளவுக்கே நிமிர்கிறது. ஜப்பானில் 2010-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தக் கோணம் கமோடில் உட்காரும்போது சுமார் 100 பாகையாகவும் குந்தும்போது சுமார் 126 பாகையாகவும் இருந்ததைக் காட்டியது. 2003-இல் இஸ்ரேலிய மருத்துவர் ஒருவர் வெளியிட்ட ஆய்வில், சாதாரணக் கமோட் உயரமுள்ள இருக்கையில் சராசரியாக இரண்டு நிமிடத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டவர்களுக்குக் குந்தியபோது ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே தேவைப்பட்டது. முதல் ஆய்வில் கலந்துகொண்டவர்கள் ஆறு பேர், இரண்டாவதில் 28 பேர், எல்லோரும் நோயில்லாதவர்கள். ஆகவே குந்துவது எளிதாக இருக்கும் என்று சொல்வதற்கு இவை போதும். கமோடில் உட்கார்ந்தால் மலச்சிக்கல் வரும் என்று முடிவு கட்டுவதற்குப் போதாது.

முழங்காலின் கணக்கு வேறு. குந்தி உட்கார மூட்டு ஏறத்தாழ முழுமையாக மடங்க வேண்டும். அதைவிடக் கடுமையானது, அந்த மடிப்பிலிருந்து உடலின் முழு எடையையும் சுமந்துகொண்டு எழுவது. தேய்ந்த மூட்டு இந்த இடத்தில்தான் துன்பப்படுகிறது. பலர் குழாயையோ தண்ணீர் நிறைந்த வாளியின் விளிம்பையோ பிடித்துக்கொண்டு எழுவதைப் பார்த்திருப்பீர்கள். ஈரத் தரையில் அந்த வாளி நகர்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. எனவே மருத்துவர் சொன்னது சரிதான். ஆனால் அவர் தடுத்திருப்பது எடையைச் சுமந்தபடி மடக்குவதை. எடை இருக்கையின் மீது இறங்கிய பிறகு முழங்காலைச் சற்றுக் கூடுதலாக மடக்குவது அதே அளவுக்குத் தீங்கு செய்யாது. ஸ்டூல் வைக்கும் வழி இந்த வேறுபாட்டை வைத்துத்தான் அமைகிறது.

இனி உயரம். அம்மாவை ஒரு பெஞ்சில் செருப்பில்லாமல் உட்கார வைத்து, கணுக்காலுக்கு நேர் மேலே முழங்கால் இருக்கும்படி பாதத்தை ஊன்றச் சொல்லுங்கள். தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை டேப் வைத்து அளந்தால் கிடைப்பதுதான் நீங்கள் கடைக்குக் கொண்டுபோக வேண்டிய எண். சுமார் ஐந்தடி உயரமுள்ள பெண்மணிக்கு அது 38 செ.மீ. அளவில் வரும் என்று வைத்துக்கொள்வோம். இருக்கை அதைவிட மூன்று நான்கு செ.மீ. மட்டும் உயர்ந்திருந்தால் எழுவது எளிது, பாதமும் தரையில் ஊன்றியிருக்கும். அதாவது அவருக்கு 41, 42 செ.மீ. போதும், பொதுவாகக் கிடைக்கும் சாதாரணக் கமோட் சீட்டோடு சேர்த்துக் கிட்டத்தட்ட அந்த உயரத்தில்தான் இருக்கிறது. மூத்தோருக்கானது என்று கடையில் காட்டும் உயரமான வகை 45 செ.மீ.க்கு மேல் போகும். அது ஐந்தேமுக்கால் அடி உயரமான தாத்தாவுக்கு மிகப் பொருத்தம். உங்கள் தாயாருக்கோ குதிகால் தரையைத் தொடாமல் தொங்கும், தொடையின் அடிப்பகுதி அழுந்தும், கால் ஊன்றாததால் வயிற்றுத் தசைக்கும் பிடிமானம் கிடைக்காது. தங்கை வீட்டுக் கமோடில் அவர் உட்காரும்போது குதிகால் தரையில் படுகிறதா என்று ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். சிக்கலில் பாதி அங்கே இருக்கலாம். கடையில் அளக்கும்போது பீங்கானின் உயரத்தோடு சீட்டின் தடிமன் இரண்டு மூன்று செ.மீ. சேரும் என்பதையும் மறக்காதீர்கள்.

பாத ஸ்டூல் 15 முதல் 18 செ.மீ. உயரம் இருக்கலாம். கமோடில் உட்கார்ந்த பின் இரு பாதங்களையும் அதன்மேல் வைத்து, உடலை முன்னால் சாய்த்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றிக்கொள்ள வேண்டும். இந்த முன்சாய்வு முக்கியம், ஏனென்றால் நான் முதலில் சொன்ன ஜப்பானிய ஆய்வில் தொடையை உயர்த்தியது மட்டும் கோணத்தை மாற்றவில்லை. உடலை நன்றாக முன்னால் வளைத்து உட்கார்ந்தபோது மடிப்பு நிமிர்ந்ததை 2016-இல் வந்த வேறோர் ஆய்வு காட்டியது. ஆகவே ஸ்டூலில் கால் வைத்துவிட்டு டேங்கில் முதுகைச் சாய்த்துக்கொண்டால் பெரிய பயன் இருக்காது. முழங்கால் வலித்தால் ஸ்டூலைச் சற்று முன்னால் தள்ளி வைக்கலாம், அல்லது 10 செ.மீ. பலகையாக மாற்றலாம். மூச்சைப் பிடித்து முக்குவதைத் தவிர்க்கச் சொல்லுங்கள். எழுவதற்கு முன் ஸ்டூலை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாதத்தைத் தரையில் ஊன்றுவது அவருக்குப் பழக்கமாகவே ஆகிவிட வேண்டும், இல்லையென்றால் தடுக்கி விழுவதற்கு நாமே ஒரு பொருளை வாங்கிக் கொடுத்ததாகிவிடும். மரப்பலகை ஈரத்தில் வழுக்கும். அடியில் ரப்பர் வைத்த, அகலமான பிளாஸ்டிக் ஸ்டூல் நல்லது.

ஆங்கிலோ இந்தியனில் குந்த வேண்டுமென்றால் ஏறத்தாழ 40 செ.மீ. உயரத்தில் ஈரமான பீங்கானின்மேல் ஏறிக் குந்தி, மறுபடி இறங்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவருக்கு இதைவிட ஆபத்தான ஏற்பாட்டை நினைத்துப் பார்ப்பது கடினம். அம்மாவால் குந்த முடியாது என்பது முடிவாகிவிட்ட நிலையில், குந்தும் வசதிக்காக ஒரு பொருளை வாங்குவதில் பொருளும் இல்லை.

கமோட் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். நடுவில் துளையுள்ள கமோட் நாற்காலி மருத்துவக் கருவிகள் விற்கும் கடைகளில் கிடைக்கும். கால்களின் உயரத்தை மாற்றக்கூடியதாகப் பார்த்து வாங்கி, இப்போதுள்ள இந்தியன் பேனின் மேலேயே வையுங்கள். நான்கு கால்களும் சமதளத்தில் நிற்க வேண்டும். பேன் மேடையின் விளிம்பிலோ பாதம் வைக்கும் தடத்திலோ ஒரு கால் ஏறி நின்றால் நாற்காலி ஆடும், அப்படியானால் அதைப் பயன்படுத்தாதீர்கள். ஓரிரு வாரத்தில் எந்த உயரத்தில் அவர் சுலபமாக எழுகிறார், எந்த ஸ்டூலில் வயிறு காலியாகிறது என்பது தெரிந்துவிடும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இதுவே நிரந்தரத் தீர்வாகவும் ஆகலாம்.

பொருத்தும் வேலையில் ஒரே ஒரு இடத்தில் நீங்கள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். இந்தியன் பேனுக்கு அடியில், தண்ணீர் தேங்கி நாற்றத்தைத் தடுக்கும் டிராப் தரைக்குள் தனியாகப் புதைந்திருக்கும். கமோடிலோ டிராப் உள்ளேயே இருக்கிறது. உடைக்கும் வேலையை மிச்சப்படுத்த, பேனை மட்டும் எடுத்துவிட்டுப் பழைய டிராப்பின் மேலேயே கமோடை உட்கார வைத்துவிடுவது உண்டு. அப்படிச் செய்தால் இரண்டு டிராப்புக்கு நடுவே காற்று அடைபட்டு, ஃபிளஷ் செய்யும்போது தண்ணீர் மேலேறி, கடகடவென்று ஓசையெழுப்பி மெதுவாக இறங்கும், அடிக்கடி அடைத்துக்கொள்ளும். பழைய டிராப்பை எடுத்துவிட்டு நான்கு அங்குலக் குழாயை நேராக இணைக்கச் சொல்லுங்கள், சிமெண்ட் போட்டு மூடுவதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். டைல்ஸ் ஒட்டிய சுவரிலிருந்து குழாயின் மையம் வரை எத்தனை அங்குலம் என்பதை அளந்துகொண்ட பிறகே கடைக்குப் போக வேண்டும், ஏனெனில் இந்த அளவு கமோடுக்குக் கமோட் மாறும்.

கைப்பிடி அவருடைய வலுவான கைப்பக்கம், தரையிலிருந்து சுமார் 70 செ.மீ. உயரத்தில், கிடைமட்டமாக இருக்கட்டும். துண்டு போடும் கம்பி இதற்கு மாற்று ஆகாது. கடற்காற்றில் முலாம் பூசிய இரும்பு விரைவில் துருப்பிடிக்கும் என்பதால் 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாவது வாங்குங்கள். 316 கிடைத்தால் இன்னும் நல்லது. திருகு டைல்ஸில் மட்டும் நிற்காமல் உள்ளே செங்கல் வரை போயிருக்க வேண்டும். அம்மா பிடிப்பதற்கு முன் நீங்கள் முழு எடையோடு தொங்கிப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, டிரமடால் சேர்ந்த வலி மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா? இவை மலத்தை இறுக்கக்கூடியவை. கழிப்பறைக்குப் போய் எழுவதற்கு அஞ்சி, தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் மூத்தோரும் இருக்கிறார்கள். அப்படியானால் எந்தக் கமோட் வாங்கினாலும் அந்தக் குறை தீராது. மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, போகும் வழக்கத்தில் அண்மையில் ஏற்பட்ட மாற்றம் ஆகியவை இருந்தால், கடைக்குப் போவதற்கு முன் மருத்துவரிடம் போக வேண்டும். இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவராக இருந்தால், அறுவை செய்த மருத்துவர் அனுமதிக்கும்வரை பாத ஸ்டூலும் முன்சாய்வும் கூடாது; அவருக்கு உயரமான கமோடே சரி.