டப்பாவும் அட்டையும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி (நாகலூர், ஏற்காடு): அம்மாவுக்கு நாலு வகை பிரஷர் மாத்திரை. ஞாயிற்றுக்கிழமை ஏழு நாளைக்கும் பிரித்து டப்பாவில் போட்டுவிட்டு நான் சேலத்துக்கு இறங்கிவிடுவேன். வியாழன் வந்தால் ஒரு மாத்திரை மட்டும் பொதபொதவென்று ஆகி, தொட்டால் உதிர்கிறதாம். டப்பா தரம் சரியில்லையா?

பதில்: டப்பாவைத் திட்டாதீர்கள். உதிர்கிற மாத்திரையின் அட்டையை எடுத்துப் படித்துப் பாருங்கள். டெல்மிசார்டன் என்று இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும் மாத்திரை. அதனால்தான் பல கம்பெனிகள் அதை இரண்டு பக்கமும் அலுமினியத் தாள் வைத்த அட்டையில் அடைக்கிறார்கள். சாப்பிடும் நேரத்தில்தான் பிரிக்க வேண்டும். கீழே சேலத்து வெயிலிலேயே இந்த விதி உண்டு. ஐப்பசி கார்த்திகையில் மூடுபனி ஜன்னல் வழியே வீட்டுக்குள் வரும் ஏற்காட்டில் கேட்கவே வேண்டாம். நிஃபெடிபின் என்று இன்னொன்று இருக்கிறது, அதற்கு வெளிச்சம் ஆகாது. கண்ணாடி மாதிரி மூடி வைத்த டப்பாவில் அதை வாரக்கணக்கில் போட்டு வைக்கக் கூடாது.

வழி இருக்கிறது. மாத்திரையைப் பிதுக்காமல் அட்டையோடு வெட்டி, அந்தத் துண்டை டப்பாக் குழியில் போடுங்கள். வெட்டும்போது, பெயரும் காலாவதித் தேதியும் அச்சடித்த முனையைக் கடைசிவரை விட்டு வையுங்கள். தேதி எந்தப் பக்கம் என்று முதலில் பார்த்து, எதிர்ப் பக்கத்திலிருந்து வெட்டுங்கள். துண்டின் நாலு மூலையையும் கத்தரிக்கோலால் வளைத்து மழுக்குங்கள். இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கண் மங்கியவர்கள், அவசரக்காரர்கள், அட்டைத் துண்டை மாத்திரையோடு சேர்த்து விழுங்கி, அந்தக் கூர் முனை உணவுக்குழாயைக் கிழித்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் உண்டு. உங்கள் அம்மாவுக்குப் பார்வை சரியில்லை என்றால் அட்டைத் துண்டு வேண்டாம். அந்த ஒரு மாத்திரையை மட்டும் பக்கத்து வீட்டார் யாராவது காலையில் பிதுக்கிக் கையில் கொடுக்கட்டும். மற்ற மூன்றும் டப்பாவில் போடத் தக்கவையா என்று மருந்துக்கடைக்காரரிடம் ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

கத்தரிக்கோல் பற்றிப் பேச்சு வந்ததால் என் பழைய எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். "பத்து மாத்திரை கொடுங்க" என்றால் பதினைந்து மாத்திரை அட்டையில் கச்சக் என்று வெட்டி, தேதி உள்ள துண்டைத் தன் டிராயரில் வைத்துக்கொண்டு, மொட்டைத் துண்டை நம் கையில் திணிக்கும் கடைகள் இருக்கின்றன. வீட்டுக்கு வந்தபின் அது எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எப்போது கெடும் என்று யாருக்கும் தெரியாது. என் மாமனாருக்கு அப்படி வந்த இரண்டு மொட்டைத் துண்டுகள், ஒரே நிறம், ஒரே அளவு. ஒன்று பிரஷருக்கு, ஒன்று சர்க்கரைக்கு. எது எது என்று கண்டுபிடிக்க, இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு அஸ்தம்பட்டியில் ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்கு அலைந்தேன். மாதா மாதம் போடுகிற மாத்திரைக்கு முழு அட்டையாக வாங்குங்கள். அது முடியாவிட்டால் பில்லில் மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி இருக்கிறதா என்று கல்லாவிலேயே நின்று பாருங்கள். பில் வேண்டாம் என்றால் இரண்டு ரூபாய் குறைப்பேன் என்பார். குறைக்க வேண்டாம், பில் கொடுங்கள்.

கேள்வி (ஃபேர்லேண்ட்ஸ்): ஐந்நூறு ரூபாய்க்குள் நல்ல மாத்திரை டப்பா எது?

பதில்: உங்கள் அப்பாவின் விரலால் திறக்க முடிகிற டப்பா. அவரைக் கடைக்குக் கூட்டிப் போங்கள்.

கேள்வி (அம்மாபேட்டை): அப்பாவுக்கு 74 வயது, பிரஷர் மாத்திரை மட்டும் தினமும் மூன்று, அதோடு வேறு சிலவும். ஒரு குழியில் அடங்கவில்லை. கால் வேறு வீங்குகிறது, அதற்கும் ஒரு மாத்திரை சேர்த்துவிட்டார்கள். பெரிய குழி உள்ள டப்பா எங்கே கிடைக்கும்?

பதில்: குழியைப் பெரிதாக்கும் முன், மூன்று அட்டையையும் மேசையில் வரிசையாக வையுங்கள். அட்டையின் பின்புறம் 'காம்போசிஷன்' என்று பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். பெரிய எழுத்துப் பிராண்ட் பெயரைப் பார்க்க வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய படத்தில் நான் பார்த்தது இது. ஒன்று, மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்து கொடுத்த அம்லோடிபின் 5 மி.கி. இரண்டாவது, தனியார் டாக்டர் எழுதியது: டெல்மிசார்டன் 40, அம்லோடிபின் 5, இரண்டும் ஒரே மாத்திரையில். அதாவது உங்கள் அப்பா ஒரே மருந்தை இரண்டு பெயரில் தினமும் 10 மி.கி. சாப்பிட்டிருக்கிறார். பத்து என்பது டாக்டர்கள் கொடுக்கிற உச்ச அளவுதான், அதனால் பதற வேண்டாம். ஆனால் இரண்டு டாக்டரில் ஒருவரும் அதை நினைத்துக் கொடுக்கவில்லை. அம்லோடிபினால் கணுக்கால் வீங்குவது தெரிந்த விஷயம், அளவு ஏற ஏற வீக்கமும் கூடும். மூன்றாவது அட்டை நீர் மாத்திரை. பிரஷர் என்று நீங்கள் எண்ணியது அந்த வீக்கத்துக்காகச் சேர்த்தது. ஒரு மாத்திரையின் பக்க விளைவை இன்னொரு மாத்திரை துரத்திக்கொண்டிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இதோடு ராத்திரி நாலு தடவை எழுந்து பாத்ரூம் போகிறார், காலையில் கட்டிலிலிருந்து எழுந்தால் தலை சுற்றுகிறது என்று கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்! அதைத்தானே முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்?

நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், எனக்கு டாக்டர் பட்டமும் கிடையாது. எல்லா அட்டைகளையும், அரசு கொடுத்தது, தனியார் கொடுத்தது, மூட்டு வலிக்குக் கடையில் வாங்கிப் போடுவது உட்பட, ஒரு மஞ்சப்பையில் போட்டு ஒரே டாக்டரிடம் கொண்டு போய்க் கொட்டுங்கள். "இதில் ஒரே மருந்து இரண்டு தடவை வருகிறதா, நீர் மாத்திரை எந்த நேரம்?" என்று கேளுங்கள். நீர் மாத்திரையைப் பெரும்பாலும் காலையில்தான் கொடுப்பார்கள். உங்கள் டப்பாவில் அது எந்தக் குழியில் கிடக்கிறது? டப்பாவில் இந்தக் குழப்பம் தெரியாது. அட்டையை விட்டு வெளியே வந்தால் எல்லா மாத்திரையும் வெள்ளைப் பொட்டுதான்.

கேள்வி (சூரமங்கலம்): 'தமிழில் பேசி நினைவூட்டும் மாத்திரைப் பெட்டி' என்று ஆன்லைனில் 2,800 ரூபாய்க்கு வாங்கினேன். சீன மொழியில் பேசுகிறது. பிரித்துவிட்டதால் திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார் விற்றவர். அம்மா சிரிக்கிறார், எனக்கு அழுகை வருகிறது.

பதில்: இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்றவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகள் அதைச் சொல்கின்றன. பிரித்துப் பார்க்காமல் பெட்டி என்ன மொழி பேசுகிறது என்று எப்படித் தெரியும்? 'தமிழில் பேசும்' என்ற அந்தப் பக்கத்தை அவர்கள் மாற்றும் முன் இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பெட்டி பேசுவதை வீடியோ எடுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியுங்கள். அதற்கும் அசையவில்லையென்றால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, சேலம் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது.

நானும் ஒன்று வாங்கினேன். நாலு குழி, கடிகாரம், பீப் ஒலி. பேட்டரி மாற்றிய அன்று கடிகாரம் 12:00-க்குப் போய்விட்டது, யாரும் கவனிக்கவில்லை. மாமனார் மதிய நேரத்துப் பீப்பை நம்பி நள்ளிரவு ஒன்றரைக்கு எழுந்து உட்கார்ந்திருந்தார். இப்போது அதில் ஊசி, பட்டன் இருக்கிறது.

உங்கள் போனிலேயே அலாரம் இருக்கிறது. தனியாக ஆப் இறக்காதீர்கள். பேட்டரி சேமிப்பு அதைத் தூங்க வைத்துவிடும். போனோடு வந்த கடிகார அலாரம் போதும். பெரும்பாலான ஆண்ட்ராய்டில் போனை சைலன்ட்டில் போட்டாலும் அது அடிக்கும், ஆனால் போன் அணைந்திருந்தால் அடிக்காது. இரண்டு நிமிடம் கழித்து அடிக்கும்படி வைத்து, சைலன்ட் போட்டு, பக்கத்து அறையில் விட்டுப் பாருங்கள். வயதானவர்களுக்குக் கீச்சென்ற ஒலி சரியாகக் கேட்காது, கனமான ஒலியாகத் தேர்ந்தெடுங்கள். அப்புறம், அலாரம் வைத்த போன் டப்பாவின் மேலேயே இருக்க வேண்டும். படுக்கையில் கிடந்தால் அணைத்துவிட்டுத் திரும்பிப் படுப்பார்கள்.

கேள்வி (குகை): தினமும் ராத்திரி போன் போட்டு "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டால் "போட்டேன்" என்கிறார் அப்பா. ஒரு நாள் போய்ப் பார்த்தால் ஐந்து குழி அப்படியே இருக்கிறது.

பதில்: கேள்வியை மாற்றுங்கள். "செவ்வாய்க் குழியில் என்ன இருக்கு, பார்த்துச் சொல்லுங்க" என்று கேளுங்கள். எழுந்து போய்ப் பார்க்க வேண்டிவரும். போன் நல்லதாக இருந்தால் டப்பாவை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

விட்டுப்போன மாத்திரைகளை மறுநாள் சேர்த்துப் போட விடாதீர்கள். அம்லோடிபின் உடம்பில் மெதுவாகத்தான் குறையும், ஒரு நாள் விட்டால் அன்றைக்கே பெரிய வித்தியாசம் தெரியாது. குளோனிடின், மெட்டோப்ரோலால், அடெனோலால் அப்படியில்லை. தொடர்ந்து போட்டுவந்து திடீரென விட்டால் பிரஷரோ நெஞ்சுப் படபடப்போ எகிறும். அந்த ஐந்து குழியில் இவற்றில் ஒன்று இருந்தால் இந்தக் கடிதத்தை எனக்கு எழுதியிருக்கக் கூடாது, அன்றே டாக்டரைக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

கேள்வி (கொண்டலாம்பட்டி): டப்பாவை டிவி பக்கத்தில் வைத்தால் மாமியாருக்கு மறக்காது. பேரனுக்கு ஒன்றரை வயது, எல்லாவற்றையும் இழுக்கிறான். வைக்கலாமா?

பதில்: கூடாது. சாதாரண வார டப்பாவைக் குழந்தை திறந்துவிடும். அம்லோடிபின், நிஃபெடிபின் வகையில் ஒரு மாத்திரைகூட அந்த வயதில் உயிருக்கு ஆபத்து. மாமியாருக்கு எட்டும், பேரனுக்கு எட்டாத உயரத்தில் அலமாரியில் வையுங்கள். அலாரத்தை டிவி பக்கத்தில் வையுங்கள், டப்பாவை வேண்டாம். மேலே சூரமங்கலம் வாசகருக்கு இரண்டும் ஒரே இடம் என்றேன், உங்கள் வீட்டுக்கு அது பொருந்தாது.