சொல்லாமல் போன ஊழியரிடம் இரண்டு மாத நோட்டீஸ் சம்பளம் வசூலிக்க முடியுமா?

கேள்வி: மதுரை கப்பலூரில் ரப்பர் உதிரிபாகம் செய்யும் சிறிய கம்பெனி நடத்துகிறேன். போன ஜூன் 1-ஆம் தேதி தரக்கட்டுப்பாட்டு சூப்பர்வைசராக ஒரு பையனைச் சேர்த்தோம். சொந்தத் தம்பி மாதிரி வைத்திருந்தேன்; தீபாவளிக்குக் கேட்காமலே போனஸ் கொடுத்தேன். ஜனவரி 2-ஆம் தேதி வாட்ஸ்அப்பில் ராஜினாமா அனுப்பிவிட்டு 12-ஆம் தேதி பொங்கலுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. போட்டிக் கம்பெனியில் சேர்ந்துவிட்டானாம். ஆஃபர் லெட்டரில், "6 மாதம் புரொபேஷன், மாதம் ரூ.24,000. வேலை திருப்தியாக இருந்தால் எழுத்து மூலம் நிரந்தரம் செய்யப்பட்டு ரூ.28,000 தரப்படும். நிரந்தரமான பின் விலக 2 மாத நோட்டீஸ் தர வேண்டும்" என்று தெளிவாக இருக்கிறது. நிரந்தர ஆர்டர் கொடுக்க மறந்துவிட்டோம், ஆனால் 6 மாதம் முடிந்துவிட்டதே. ஜனவரி சம்பளத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன். சேரும்போது வாங்கிய அசல் மார்க் ஷீட்டும் டிப்ளமோ சான்றிதழும் என்னிடம்தான் இருக்கின்றன. ரூ.56,000-க்கு வழக்குப் போடலாமா?

பதில்: வழக்குப் போட யாரும் தடுக்க முடியாது. திருமங்கலம் முன்சீப் கோர்ட்டில் 3 சதவீதம் கோர்ட் கட்டணம், அதாவது ரூ.1,680 கட்டினால் நம்பர் ஆகிவிடும். ஆனால் நீங்கள் எழுதியதில் கோர்ட் பார்க்கப் போவது ஒன்றே ஒன்றைத்தான்: ஜனவரி 12 அன்று அவர் புரொபேஷனரா, நிரந்தர ஊழியரா? தம்பி மாதிரி வைத்திருந்தது, போனஸ் கொடுத்தது எல்லாம் வழக்கு மனுவான பிராதில் ஒரு வரிக்குக் கூட ஆகாது. போட்டிக் கம்பெனிக்குப் போனதையும் விட்டுவிடுங்கள். வேலையை விட்ட பிறகு இன்ன இடத்தில் சேரக் கூடாது என்று எழுதி வாங்கியிருந்தாலும் இந்திய ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவின்படி அது செல்லாது. நீங்கள் எழுதிக்கூட வாங்கவில்லை.

உங்கள் லெட்டர் நிரந்தரம் செய்வதை "எழுத்து மூலம்" என்று கட்டிவைத்திருக்கிறது. அந்த எழுத்து வரவில்லை. புரொபேஷன் காலம் முடிந்த அன்றே ஊழியர் தானாக நிரந்தரம் ஆகிவிடுவதில்லை என்பதுதான் பொது விதி. இதற்கு மேல் புரொபேஷனை நீட்டவே முடியாது என்று உச்சவரம்பு போட்டிருந்து, அதையும் தாண்டி வேலையில் வைத்திருந்தால் நிரந்தரம் ஆனதாகக் கொள்ளலாம் என்று 1968-லேயே உச்ச நீதிமன்றம் தரம் சிங் வழக்கில் சொன்னது. அரசுப் பணி விதியை வைத்துச் சொன்ன தீர்ப்பு என்றாலும், தனியார் லெட்டரைப் படிக்கும்போதும் கோர்ட்டுகள் இதே வழியில்தான் யோசிக்கின்றன. உங்கள் லெட்டரில் உச்சவரம்பு எதுவும் இல்லை. ஆகவே அவர் புரொபேஷனராகவே இருந்தார் என்று வாதிடுவது எதிர்த்தரப்புக்குச் சுலபம். புரொபேஷனருக்கு எத்தனை நாள் நோட்டீஸ் என்று உங்கள் லெட்டர் வாயே திறக்கவில்லை. லெட்டர் மௌனமாக இருந்தால் நியாயமான நோட்டீஸ் போதும். ஏழு மாதம் வேலை பார்த்தவர் பத்து நாள் முன்னால் சொன்னது போதாது என்று கோர்ட் நினைத்தாலும், மேற்கொண்டு சில நாள் சம்பளத்துக்கு மேல் தீர்ப்பாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

சரி, "ஆறு மாதம் முடிந்ததால் அவர் நிரந்தரம்தான்" என்று நீங்களே வாதிடுவதாக வைத்துக்கொள்வோம். அப்போது டிசம்பர் 1 முதல் மாதம் ரூ.28,000 கொடுத்திருக்க வேண்டும். டிசம்பருக்கு ரூ.4,000, ஜனவரியில் 12 நாளுக்கு ரூ.1,600, ஆக ரூ.5,600 பாக்கி வைத்தவர் நீங்கள். டிசம்பர் சம்பளச் சீட்டில் ரூ.24,000 என்று உங்கள் கையெழுத்திலேயே இருக்கும். சம்பளத்தில் புரொபேஷனர், நோட்டீஸில் நிரந்தரம் என்ற நிலையை எந்த நீதிபதியும் ஏற்கமாட்டார். குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே அந்தச் சீட்டைப் பற்றித்தான் வரும்.

அதையும் தாண்டினால் ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவு நிற்கிறது. லெட்டரில் தொகை எழுதியிருந்தாலும் அது உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் எது நியாயமான இழப்போ அதுதான் கிடைக்கும். 2025-ல் ஒரு பொதுத்துறை வங்கி அதிகாரி கட்டிய 2 லட்ச ரூபாய் பாண்டை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றதை நீங்கள் படித்திருப்பீர்கள், பல முதலாளிகள் அந்தச் செய்தியின் பிரிண்ட் அவுட்டோடுதான் வருகிறார்கள். அங்கே மூன்று ஆண்டு வேலை பார்க்க வேண்டும் என்பதும் மீறினால் எவ்வளவு என்பதும் சந்தேகத்துக்கு இடமின்றி எழுதப்பட்டிருந்தன. அகில இந்திய அளவில் விளம்பரம் கொடுத்து ஆள் எடுக்கும் வங்கியின் செலவையும் கோர்ட் கணக்கில் எடுத்தது. அந்த இடத்துக்கு நீங்கள் ஆள் எடுக்க எவ்வளவு செலவானது? பில் இருக்கிறதா?

இனி எனக்கு உண்மையில் கவலை தருவதற்கு வருகிறேன். நீங்கள் கேட்ட 56,000 அல்ல, நிறுத்தி வைத்த சம்பளமும் பீரோவில் இருக்கும் சான்றிதழும். நோட்டீஸ் சம்பளத்துக்காக வழக்குக்கு வரும் சிறு கம்பெனிகள் கடைசியில் பணம் கட்டிவிட்டுப் போவது இந்த இரண்டினால்தான்.

2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத்தொகுப்பு நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஊழியர் தானே ராஜினாமா செய்து போனாலும் கணக்கை இரண்டு வேலை நாளுக்குள் தீர்க்க வேண்டும். அவருக்குப் பாக்கி 12 நாள் சம்பளம், 24,000-ஐ 30-ஆல் வகுத்து 12-ஆல் பெருக்கினால் ரூ.9,600. சம்பளத்தில் என்னென்ன பிடிக்கலாம் என்று 18-ஆம் பிரிவு பட்டியல் போட்டிருக்கிறது: வராத நாள், கொடுத்த அட்வான்ஸ், பி.எஃப்., ஒப்படைத்த பொருள் கெட்டுப்போனால் அதன் நஷ்டம் என்று போகிறது. நோட்டீஸ் சம்பளம் என்று அதில் ஒரு வரி இல்லை. 'அவன் எனக்குத் தர வேண்டியதில் கழித்துக்கொண்டேன்' என்று நீங்களாகக் கணக்குப் போட்டுக்கொள்ள முடியாது. அவர் தொழிலாளர் துறை அதிகாரியிடம் ஒரு மனு கொடுத்தால், பாக்கிக்கு மேல் அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்க அங்கே அதிகாரம் உண்டு. முழுவதையும் விதிப்பார்கள் என்று நான் பயமுறுத்தவில்லை. ஆனால் 9,600-க்குப் பத்து மடங்கு என்றால் நீங்கள் கேட்கும் 56,000-ஐத் தாண்டிவிடும். சம்பளம் கொடுத்தாயிற்று என்று நிரூபிக்கும் பொறுப்பும் முதலாளி தலையில்தான்.

சான்றிதழ் இதைவிட மோசம். பணம் வரும்வரை ஒருவரின் பொருளைப் பிடித்து வைக்கும் உரிமையை ஒப்பந்தச் சட்டம் 171-ஆம் பிரிவு வங்கி போன்ற சில தரப்புக்கு மட்டும் கொடுக்கிறது. அந்தப் பட்டியலில் முதலாளி கிடையாது. கல்விச் சான்றிதழ் விற்றுக் காசாக்கும் சரக்கு அல்ல, அதைப் பிடித்து வைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் கல்லூரிகளிடம் சொல்லியிருக்கிறது. வக்கீல்கள் நாங்களே ஃபீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கேஸ் கட்டைப் பிடித்து வைக்க முடியாது என்று 2000-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. உங்களுக்கு எப்படி முடியும்? அவர் போலீஸில் புகார் கொடுத்தால் ஸ்டேஷனில் உங்களை உட்கார வைத்துக் கேட்கப்போகும் முதல் கேள்வி, 'அசல் எங்கே சார்?' என்பதுதான். அதன் பிறகு உங்கள் நோட்டீஸ் கதையை அங்கே யாரும் கேட்கமாட்டார்கள். புது வேலையில் அசலைக் காட்ட முடியாமல் அந்த வேலை போயிற்று என்றால், நஷ்டஈடு கேட்கும் வழக்குக்கும் நீங்களே காரணம் கொடுத்தவர் ஆவீர்கள்.

ஆகவே சமாதானமாகப் போங்கள். சான்றிதழ்களை நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். அவர் வரவில்லை என்றால், நகல் எடுத்து வைத்துக்கொண்டு பதிவு வசதியுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். ரூ.9,600-ஐ அவர் சம்பளம் வாங்கிய அதே வங்கிக் கணக்கில் போடுங்கள். இவை இரண்டுக்கும் பதிலாக எதையும் கேட்காதீர்கள், அவை அவருடையவை. பேரம் பேச உங்கள் கையில் இருப்பது வேறு: ரிலீவிங் லெட்டர். அது அவருக்குத் தேவை. டெஸ்ட் ரிக்கார்டு, காலிபரேஷன் ஃபைல், கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு ஆகியவற்றை ஒப்படைக்க இரண்டு நாள் வரச் சொல்லி, முடிந்ததும் லெட்டரைக் கொடுத்து, இருவருக்கும் இனி கொடுக்கல் வாங்கல் இல்லை என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். டிசம்பர் வித்தியாசம் ரூ.4,000-ஐ அவர் கேட்டால் கொடுத்துத் தொலையுங்கள். வழக்கு நடத்தும் செலவில் அது எந்த மூலைக்கு?

அடுத்த ஆளுக்கு லெட்டர் அடிக்கும்முன் பழைய ஃபைலைத் திறந்து பெயரை மட்டும் மாற்றாதீர்கள். புரொபேஷன் பத்தியை இப்படி எழுதுங்கள்: "சேரும் நாளிலிருந்து 6 மாதம் புரொபேஷன். நிர்வாகம் இதை எழுத்து மூலம் மேலும் 3 மாதம் வரை நீட்டலாம். நிரந்தர ஆணை எழுத்து மூலம் தரப்படும்வரை நீங்கள் புரொபேஷனராகவே கருதப்படுவீர்கள்." நீட்டிப்புக்கு வரம்பு போட்டபிறகு ஒன்பதாம் மாதம் தூங்கக் கூடாது, ஐந்தாம் மாத முடிவிலேயே காலண்டரில் குறித்து, நிரந்தரமா, நீட்டிப்பா, விலக்கலா என்று முடிவெடுத்துத் தாளில் கொடுங்கள். நோட்டீஸை இரண்டு வரியாகப் பிரியுங்கள்: "புரொபேஷனில் இரு தரப்பும் 15 நாள் நோட்டீஸ். நிரந்தரத்துக்குப் பின் இரு தரப்பும் 1 மாதம், அல்லது அதற்கு ஈடான அடிப்படைச் சம்பளம்." இரு தரப்பும் என்பது முக்கியம். ஊழியருக்கு மட்டும் இரண்டு மாதம், கம்பெனி நினைத்தால் அன்றே அனுப்பலாம் என்று ஒருபக்கமாக எழுதிய ஷரத்தைக் கோர்ட் ஆரம்பத்திலேயே சந்தேகக் கண்ணோடு பார்க்கும். அதோடு, சூப்பர்வைசருக்கு இரண்டு மாத நோட்டீஸ் எழுதினால் நல்ல ஆள் உங்களிடம் வரவேமாட்டார்.

சம்பளத்தை "மாதம் 24,000" என்று ஒற்றை எண்ணாக விடாதீர்கள். அடிப்படையும் பஞ்சப்படியும் ரூ.15,000, மற்றப் படிகள் ரூ.9,000, ஊழியர் பங்கு பி.எஃப். 12 சதவீதம் ரூ.1,800, பிடித்தம் போகக் கையில் ரூ.22,200, அரையாண்டுக்கு ஒருமுறை தொழில் வரி தனி என்று எழுதுங்கள். கம்பெனி பங்கு பி.எஃப். இந்த 24,000-க்கு வெளியே என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அதை ஊழியர் சம்பளத்திலிருந்து பிடிப்பது குற்றம். முதல் மாதச் சம்பளம் வாங்கும் அன்றே முளைக்கும் சண்டைகளில் பாதி இந்த வரி இல்லாததால் வருபவை.

சேரும் நிபந்தனைகளில் கெடுவும் விளைவும் இரண்டும் இருக்க வேண்டும்: எந்தத் தேதிக்குள் சம்மதக் கையெழுத்து, எந்தத் தேதி சேர வேண்டும், தவறினால் இந்த ஆஃபர் தானாகவே காலாவதி. பழைய கம்பெனியின் ரிலீவிங் லெட்டரும் அசல் சான்றிதழும் சேரும் அன்று காட்டப்பட வேண்டும், சரிபார்த்து அன்றே திருப்பித் தரப்படும் என்று எழுதி, அப்படியே திருப்பியும் கொடுங்கள். ரிலீவிங் லெட்டர் அடுத்த வாரம் வரும் என்று சொல்பவரை மஸ்டரில் ஏற்றிவிட்டால், அந்த நிபந்தனையை நீங்களே விட்டுக்கொடுத்துவிட்டீர்கள் என்று பின்னால் அவர் சொல்ல இடமாகிவிடும். காத்திருக்க முடியுமானால் சேரும் தேதியைத் தள்ளி எழுத்தில் கொடுங்கள். முடியாதென்றால், இன்ன தேதிக்குள் லெட்டர் வராவிட்டால் நியமனம் ரத்து என்று அவரிடம் அன்றே கையெழுத்து வாங்கிக்கொண்டு உள்ளே விடுங்கள்.