மரச்சீனிக் கிழங்கு: முதல் தண்ணீரை வடித்துக் கொட்டுங்கள்

அக்கா, குக்கரில் நாலு விசில் விட்டால் கிழங்கு பஞ்சாக வெந்துவிடுகிறது. நன்றாக வெந்தாலே விஷம் போய்விடும்தானே? (குலசேகரம்)

பச்சையாகத் தின்னக் கூடாது, வேகவைத்தே ஆக வேண்டும் என்றவரை சரி. ஆனால் குக்கர் வேண்டாம் தங்கச்சி. கிழங்கில் லினமாரின் என்று ஒரு பொருள் இருக்கிறது. அதைச் சிதைக்கிற என்சைமும் அதே கிழங்கில்தான் இருக்கிறது. வெட்டும்போதும் ஊறும்போதும் இரண்டும் கலக்கும். அப்போது பிறக்கிற சயனைடு, இளஞ்சூட்டிலேயே ஆவியாகிவிடும். குக்கரில் சூடு மளமளவென ஏறி என்சைமை முதலிலேயே செயலிழக்க வைக்கும். லினமாரின் மிஞ்சிவிடும், கொதிநீரிலும் அது லேசில் சிதையாது. ஆனால் தண்ணீரில் நன்றாகக் கரையும். அதனால் தண்ணீர் நிறைய வைத்து, அதை வடித்துக் கொட்ட வேண்டும். குக்கரில் நாம் வைக்கும் கொஞ்சம் தண்ணீரோ, பெரும்பாலும் கிழங்கிலேயே வற்றிவிடும்.

அப்படியானால் ஒரு கிலோவுக்கு முதலிலிருந்து சொல்லுங்கள். எனக்குத் தோல் உரிக்கவே வராது. (நாகர்கோவில், புதிதாகத் தனிக்குடித்தனம்)

பறித்த அன்றோ மறுநாளோ உள்ள கிழங்காக வாங்குங்கள். இரண்டு முனையையும் வெட்டிவிட்டு, நீளவாக்கில் கத்தியால் ஒரு கீறல் போடுங்கள். கீறல் வெள்ளைச் சதையைத் தொடும் வரை இறங்க வேண்டும். கத்தி முனையைக் கீறலுக்குள் நுழைத்து நெம்பினால் பழுப்புத் தோலும் அதன் அடியில் இருக்கும் தடித்த தோலும் சேர்ந்தே சுருள் சுருளாகக் கழன்று வரும். மேலே இருக்கிற காகிதம் போன்ற தோலை மட்டும் சுரண்டிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். சதையைவிட அந்தத் தடித்த தோலில்தான் நஞ்சு அதிகம்.

பிறகு கழுவி, இரண்டு விரல் தடிப்பில் வட்டமாக வெட்டி, ஒவ்வொன்றையும் நாலாகப் பிளந்து நடு நாரை உருவி எறியுங்கள். பச்சைத் தண்ணீரில் அரைமணி நேரம் போட்டு வைத்து, அந்தத் தண்ணீரையும் கொட்டிவிடுங்கள். பெரிய பாத்திரத்தில் ஐந்து லிட்டர் பச்சைத் தண்ணீர் ஊற்றி, துண்டுகளைப் போட்டபின் அடுப்பைப் பற்ற வையுங்கள். சூடு மெல்ல ஏறினால்தான் என்சைமுக்கு வேலை செய்ய நேரம் கிடைக்கும். மூடி வேண்டாம், ஜன்னல் திறந்திருக்கட்டும். பத்து நிமிடம் கொதித்ததும் வடித்துவிட்டு, வேறு வெந்நீர் ஊற்றி உப்பு போடுங்கள். துண்டு மலர்ந்து வெடித்து, கரண்டிக் காம்பு தடையின்றி இறங்கும்போது அதையும் வடித்துவிடலாம். அந்தத் தண்ணீரில் குழம்பு வைக்காதீர்கள்.

வீட்டு விசேஷத்துக்குக் கிழங்கை நீளமாகவே அவித்து அடுக்குவோம். ஸ்ரீகாரியம் கிழங்கு ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் சின்னதாக வெட்டச் சொல்கிறார்கள். அவ்வளவு வித்தியாசமா? (மார்த்தாண்டம்)

அவ்வளவு வித்தியாசம் உண்டு அண்ணே. இரண்டங்குலக் கட்டியாக அவித்தால் நஞ்சில் முக்கால் பங்கு உள்ளேயே தங்கிவிடலாம், மெல்லிய சீவலில் கால் பங்குதான் தங்கும். என் அளவு இரண்டுக்கும் இடையில், மசித்தால் குழைந்துபோகாமல் இருக்கத்தான். நீளக் கிழங்கு வேண்டுமென்றால் கசப்பில்லாத எம்-4 ரகமாகப் பார்த்து, குறுக்கே இரண்டாகவும் நெடுக்கே நாலாகவும் பிளந்து, தண்ணீரை இரண்டு தடவை மாற்றுங்கள்.

தண்ணீரைக் கொட்டுவானேன், ஆட்டுக்கு வைக்கலாமே? போன மாசம் தோலைத் தின்ற குட்டி ஒன்று வாய் பிளந்து மூச்சு வாங்கிச் செத்தது. பாம்பு கடித்ததோ என்று நினைத்தோம். (திருவட்டாறு)

பாம்பா தோலா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் பச்சைத் தோலும் இலையும் தின்று ஆடு அப்படிச் சாவது உண்டுதான். வடித்த தண்ணீரை ஆடு மாடு வராத இடத்தில் கொட்டுங்கள், தொட்டியில் ஊற்ற வேண்டாம். இன்னொரு குட்டி அப்படித் தவித்தால் கால்நடை மருத்துவரிடம் உடனே ஓடுங்கள். முறிப்பதற்கு ஊசி இருக்கிறது, நேரம்தான் இருக்காது.

மீன் கறி கூட்டிச் சாப்பிட்டால் கிழங்கின் விஷம் முறியும் என்பார் எங்கள் ஆச்சி. அப்படியானால் இத்தனை பாடு எதற்கு? (குளச்சல்)

ஆச்சி சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. உடம்பு சயனைடை மாற்றி வெளியேற்றுவதற்கு, புரதத்திலிருந்து வரும் கந்தகம் வேண்டும். மீனில் அது உண்டு. கஞ்சியும் கிழங்கும் மட்டுமே தின்கிறவர்களுக்கு அந்தத் துணை குறைவு. ஆனால் மீன் முறிப்பது மிச்சம் மீதியைத்தான். சரியாக வேகாத கிழங்குக்கு எந்தக் கறியும் ஈடாகாது.

வெந்த பிறகும் ஒரு துண்டு மட்டும் கசந்தது. மீதியைச் சாப்பிடலாமா? (தக்கலை)

துப்பிவிட்டு அந்தப் பாத்திரத்தையே ஒதுக்குங்கள். மழை பொய்த்த வருடத்தில் அதே தோட்டத்துக் கிழங்குகூடக் கசக்கும். மாவு ஆலைக்கென்று நடுகிற ரகங்களும் சில நேரம் சந்தையில் கலந்து வந்துவிடுகின்றன. கசப்புக் கிழங்குக்கு அவிப்பது மட்டும் போதாது. அதேநேரம் கசக்காதது எல்லாம் பத்திரம் என்றும் நாக்கை நம்பி சொல்ல முடியாது, அதனால் வடிப்பதை எந்தக் கிழங்குக்கும் விடாதீர்கள். தின்ற சில மணி நேரத்தில் தலைசுற்றல், வாந்தி, மூச்சிரைப்பு வந்தால் மோர் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குழந்தைகளுக்கு இது சீக்கிரம் ஏறும். அங்கே மரச்சீனி சாப்பிட்டதை முதலிலேயே சொல்லுங்கள்.