முதல் வருட மொடலுக்கு 8 இலட்சம் கழிவு போதுமா?

கேள்வி: வணக்கம் ஐயா. நான் திருகோணமலை உப்புவெளியில் இருந்துகொண்டு சுற்றுலாப் பயணிகளுக்கு ஹையர் ஓடுகிறேன். இப்போது இருப்பது ஒரு பழைய வான். புதிதாக வந்திருக்கும் ஒரு ஹைபிரிட் மொடலைப் பார்த்து வைத்திருக்கிறேன். உலகச் சந்தைக்கே அது வந்து சில மாதம்தான். விலை 1 கோடி 28 இலட்சம். மாத முடிவுக்குள் புக் பண்ணினால் 1 கோடி 20 இலட்சம் என்கிறார்கள். சேமிப்பு 60 இலட்சம் இருக்கிறது, மிச்சம் லீசிங். வானையும் விற்றுவிடலாம் என்று நினைக்கிறேன். கராஜ் வைத்திருக்கும் என் மச்சான், "முதல் வருட மொடல் எடுக்காதே" என்று ஒரே பிடியாக நிற்கிறார். வொரண்டி இருக்கும்போது என்ன பயம்?

பதில்: வணக்கம். மச்சான் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் பயம் எங்கே இருக்கிறது என்பதைச் சரியாகப் பார்க்க வேண்டும். வொரண்டி தருவது திருத்தக் கூலியும் பாகமும் மட்டும்தான். வாகனம் கராஜில் நிற்கிற நாட்களுக்கு அது காசு தராது. உங்களுக்குப் பிழைப்பே வாகனம் ஓடுகிற நாட்களில்தான் இருக்கிறது.

முதலில் ஒரு பழைய கதை. நம் ஊரில் ஓடுகிற ஹொண்டா ஃபிட், வெசல் ஹைபிரிட் வாகனங்களை உங்கள் மச்சான் நிறையப் பார்த்திருப்பார். அந்த ஃபிட் ஜப்பானில் 2013 செப்டெம்பரில் வந்தது, வெசல் அதே வருடக் கடைசியில். இரண்டிலும் புதிய 7 வேக இரட்டைக் கிளச் கியர் பெட்டி, புதிய ஹைபிரிட் அமைப்பு. சில வாரங்களிலேயே முதல் ரீகோல் வந்தது, அதாவது பிழையைத் திருத்தக் கம்பனியே வாகனங்களைத் திரும்ப அழைத்தது. 2014 பெப்ரவரியில் இன்னொன்று, 80,000-க்கும் மேற்பட்ட வாகனங்களுக்கு: கியர் பெட்டியைக் கட்டுப்படுத்தும் மென்பொருளில் பிழை, வாகனம் எடுபடத் தாமதிக்கலாம் அல்லது எடுபடாமலே போகலாம். ஜூலையில் வந்தது, எதிர்பாராமல் வேகமெடுக்கலாம் என்பதற்காக. ஒக்டோபரில் நாலு இலட்சத்துக்கும் அதிகமான வாகனங்களுக்கு மறுபடியும். வெளிவந்து சுமார் ஒரு வருடத்துக்குள் ஃபிட் ஹைபிரிட்டுக்கு அது ஐந்தாவது ரீகோல். கம்பனித் தலைவரே தன் சம்பளத்தில் குறைப்பை ஏற்றுக்கொள்ள வேண்டி வந்தது.

ஹொண்டா சின்னக் கம்பனியும் இல்லை, கவனமில்லாத கம்பனியும் இல்லை. எந்தக் கம்பனியும் சோதனை ஓட்டத்துக்குச் சில நூறு வாகனங்களைத்தான் ஓட்டிப் பார்க்க முடியும். விற்பனை தொடங்கியதும் பல்லாயிரம் பேர் பல்லாயிரம் விதமாக ஓட்டுகிறார்கள். ஆவணி வெயிலில், ஏசியை முழுக்கப் போட்டு, ஏழு பேரும் பொதியுமாக நெரிசலில் ஊர்ந்து போகும்போது கியர் பெட்டி எப்படிச் சூடாகிறது என்பது அப்போதுதான் தெரியவரும். அந்தத் தகவல் தொழிற்சாலைக்குப் போய், பாகம் மாறி, மென்பொருள் மாறி, சத்தமில்லாமல் அடுத்த தொகுதி வாகனங்களில் ஏறிவிடும். இரண்டாம் வருடம் வாங்குகிறவருக்குத் திருத்தம் வாகனத்தோடேயே வருகிறது. முதல் வருடம் வாங்கியவர் அதற்காகக் கராஜுக்குப் போக வேண்டும்.

எல்லாப் புது மொடலும் இந்த அளவுக்கு ஆபத்தானதில்லை, இதையும் சொல்ல வேண்டும். உடம்பு மட்டும் புதுசு, எஞ்சினும் கியர் பெட்டியும் பற்றரியும் ஏற்கெனவே வேறு மொடலில் சில வருடம் ஓடியவை என்றால், பிரச்சினை பெரும்பாலும் கதவு ரப்பர், திரை, சென்சர் போன்ற சின்ன விஷயங்களோடு நின்றுவிடும். எஞ்சின் இலக்கத்தையும் கியர் பெட்டி வகையையும் ஏஜென்டிடம் வாங்கி மச்சானிடம் கொடுங்கள். அவை முன்பு எந்த வாகனத்தில் வந்தன என்பதை அவர் தேடிப் பிடிப்பார். இந்த மொடலில்தான் முதல் முறை என்றால், கீழே வருகிற கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

60 இலட்சத்தை 5 வருடத்துக்கு, வருட வட்டி 14% என்று வைத்தால், மாதத் தவணை கிட்டத்தட்ட 1,39,600 ரூபா. உங்கள் லீசிங் வீதம் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். ஹையரில் எரிபொருள் போக நாளுக்கு 15,000 நிற்கிறது என்று வையுங்கள். சீசன் மாதத்தில் 22 நாள் ஓடினால் 3,30,000.

இப்போது ஓகஸ்ட் மாதம் கட்டுநாயக்காவில் ஆட்களை ஏற்றி வருகிறீர்கள், ஹபரணைக்குப் பக்கத்தில் ஹைபிரிட் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. கம்பனியின் சொந்த ஸ்கேன் கருவி கொழும்பில் மட்டும் இருந்தால், திருகோணமலையிலிருந்து அங்கே சுமார் 260 கிலோமீற்றர். ஏற்றிக்கொண்டு போக 70,000, நீங்கள் போய்வர 20,000 என்று போடுவோம். பாகம் இலங்கையில் இல்லை. புது மொடல் என்பதால் கையிருப்பு குறைவு, வெளியிலிருந்து வர வேண்டும். 18 நாள் நிற்கிறது. அதில் நீங்கள் ஓடியிருக்கக்கூடிய நாள் 13. ஆக 1,95,000. எல்லாம் சேர்த்து 2,85,000. திருத்தத்துக்கு ஒரு சதமும் கொடுக்கவில்லை, அது வொரண்டி.

தவணைக் காசை இதோடு சேர்த்துக் கூட்ட வேண்டாம். அது வாகனம் ஓடினாலும் நின்றாலும் கட்ட வேண்டிய காசு, சேர்த்தால் இரண்டு தரம் கணக்கிட்டதாகிவிடும். ஆனால் அந்த மாதம் கையில் காசு இருக்குமா என்பது வேறு கேள்வி. தவணை முடியும்வரை வாகனத்தின் உரிமை லீசிங் கம்பனியுடையது. வாகனம் கொழும்பில் நிற்கிறது என்பதற்காக அவர்கள் தவணையை நிறுத்தி வைப்பதில்லை. முழுக் காப்புறுதியும் இயந்திரப் பழுதுக்கு உதவாது.

இப்படி ஒரு வருடத்தில் இரண்டு தரம் நடந்தால் 5,70,000. உங்களுக்குக் கிடைக்கும் கழிவு 8 இலட்சம். இதோடு கணக்கு முடிந்தால், கழிவு போதும் என்றே சொல்லியிருப்பேன்.

ஆனால் மறுவிற்பனை இருக்கிறது. ஒரு மொடலுக்கு "முதல் தொகுதி சரியில்லை" என்று பேர் விழுந்தால், திருத்தம் செய்த வாகனத்துக்கும் அந்தப் பேர் ஒட்டிக்கொள்ளும். விற்கும்போது 10% குறைந்தாலே 12 இலட்சம் போகிறது. "வெசலையும் இப்படித்தான் சொன்னார்கள், பிறகு விலை ஏறவில்லையா?" என்று யாராவது கேட்பார்கள். அது ஏறியதற்குக் காரணம் 2020 மார்ச்சில் வந்த இறக்குமதித் தடை. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் தடை நீக்கப்படும்வரை, ஓடுகிற எதற்கும் விலை இருந்தது. அதை நம்பி இன்று முதலீடு செய்ய முடியாது.

இதைவிட நீளமாக நிறுத்தி வைக்கிற பிழைகளும் உண்டு. 2022-இல் டொயோட்டா bZ4X என்ற மின்சாரக் காரை வெளியிட்டது. விற்பனை தொடங்கிய வேகத்திலேயே, ஜூனில், சில்லுப் போல்ட்கள் தளர்ந்து சில்லே கழன்றுவிடலாம் என்று கண்டு, ஓட்டவே வேண்டாம் என்று சொன்னார்கள். திருத்தம் தயாரானது ஒக்டோபரில். உங்களுக்கு ஜூனிலிருந்து ஒக்டோபர் வரை என்றால், அந்த வருடச் சீசன் முழுவதும்.

வொரண்டியைப் பற்றியும் ஒன்றைக் கவனியுங்கள். ஹையருக்கு ஓடும் வாகனத்துக்குக் காலத்தையோ கிலோமீற்றரையோ குறைக்கும் நிபந்தனை, சிலவற்றில் முழுதாக விலக்கும் நிபந்தனை, பல கம்பனிகளின் வொரண்டிப் புத்தகத்தில் இருக்கும். புக்கிங் காசு கட்டுவதற்கு முன்பு அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கி வாசியுங்கள். அதே மொடலை ஏஜென்ட் இல்லாமல் நேரே இறக்கி மலிவாகத் தருகிறோம் என்று யாராவது வந்தால், தயவுசெய்து இந்த முதல் வருடத்தில் வேண்டாம். ஜப்பானில் ரீகோல் கடிதம் அங்கே பதிவான உரிமையாளருக்குத்தான் போகும். வெசல் வாங்கிய நம்மவர்கள் பலர், செஸி நம்பரைக் கம்பனியின் ஜப்பானியத் தளத்தில் தாங்களே போட்டுப் பார்த்துத்தான் தங்கள் வாகனத்துக்குத் திருத்தம் மிச்சமிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

காத்திருந்தால் என்ன இழப்பு? 8 இலட்சம் கழிவு போகிறது. அதே நேரம் 60 இலட்சத்தை ஒரு வருட நிலையான வைப்பில் 8%-க்குப் போட்டால் 4,80,000 வட்டி. அதில் 10% வரி பிடித்தால் 4,32,000 கையில் நிற்கும். வானும் ஓடிக்கொண்டிருக்கும், தவணையும் இல்லை. ஒரே உண்மையான ஆபத்து, இறக்குமதி வரி கூடுவது அல்லது ரூபா விழுவது. அதை நான் சின்னதாகச் சொல்ல மாட்டேன், இந்த நாட்டில் இரண்டையும் கண்டிருக்கிறோம். இருந்தாலும் உங்கள் கணக்கில் ஒரு கெட்ட சீசன் அதைவிடக் கிட்டத்தில் இருக்கிறது.

ஆகவே, எஞ்சினும் கியர் பெட்டியும் புதுசு என்றால், ஒரு வருடம் பொறுங்கள். அவை பழக்கப்பட்டவை என்றால் வாங்கலாம், ஆனால் இரண்டு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒன்று, வாகனத்தைச் சீசனுக்கு முன் மாதத்தில் எடுக்காதீர்கள். ஒக்டோபரில் எடுத்து, ஹையர் குறைந்த மழை மாதங்களில் கண்டி ஏற்றத்திலும் கொழும்பு நெரிசலிலும் நன்றாக ஓட்டிப் பாருங்கள். ஊர்ந்து போகும்போது உதறல், எடுபடத் தயக்கம், ஒரு தரம் எரிந்து அணைந்த விளக்கு எதுவாக இருந்தாலும் திகதியும் கிலோமீற்றரும் போட்டு எழுதி, ஏஜென்டின் வேலைச் சீட்டில் பதிய வையுங்கள். "மறுபடி வந்தால் பார்ப்போம்" என்று வாயால் சொல்லி அனுப்பினால், வொரண்டி முடிந்த பிறகு அது புதுப் பழுதாகிவிடும். இரண்டு, முதல் சீசன் முடியும்வரை வானை விற்காதீர்கள். 18 நாள் நின்ற அந்தக் கணக்கில் 1,95,000-இல் பெரும்பகுதியை வான் காப்பாற்றிவிடும்.

ஏஜென்டிடம் கடிதமாகக் கேட்க வேண்டியது இதுதான்: திருகோணமலைக்கு மிகக் கிட்டத்தில் கம்பனி ஸ்கேன் கருவி உள்ள இடம் எது, ஏற்றிச் செல்லும் செலவு யாருடையது, வாகனம் 5 நாளுக்கு மேல் நின்றால் மாற்று வாகனம் தருவார்களா, ஹையர் ஓட்டம் வொரண்டிக்குள் வருமா. மாத முடிவுக்குள் இந்தக் கடிதம் வந்தால் புக் பண்ணுங்கள். வராவிட்டால் கழிவை விட்டுவிட்டு, 60 இலட்சத்தை வைப்பில் போடுங்கள். அடுத்த வருடம் பார்க்கும்போது பதிவு வருடத்தைப் பார்க்காமல் தயாரிப்பு மாதத்தைக் கேளுங்கள். முதல் தொகுதியில் விற்காமல் யார்டில் நின்ற வாகனமும் அப்போது புதுசு என்றுதான் விலைக்கு வரும்.