‘வழங்கப்பட்டு வருகின்றன’ என்றால், வழங்குவது யார்?

கேள்வி: நாங்கள் 4 பேர் சேர்ந்து ஒரு சிறு நிறுவனம் நடத்துகிறோம். மற்ற நிறுவனங்களுக்கு வரவேண்டிய பில் பாக்கியை, அவர்கள் சார்பில் கேட்டு வாங்கித் தருவதுதான் வேலை. புதியவர்களுக்கு அறிமுக மின்னஞ்சல் அனுப்பினால் பதிலே வருவதில்லை. அதைப் படித்த நண்பர் ஒருவர் “நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்றே புரியவில்லை” என்றார். செயப்பாட்டு வினையை விட்டுவிடுங்கள் என்கிறார்கள். விட்டால் மரியாதை குறையாதா? நாங்கள் அனுப்புவது இதுதான்:

“எங்கள் நிறுவனத்தால் நிலுவைத் தொகை மேலாண்மைச் சேவைகள் பல்வேறு நிறுவனங்களுக்கு வழங்கப்பட்டு வருகின்றன. அனுபவம் வாய்ந்த குழுவினரால் தொடர் நடவடிக்கைகள் மேற்கொள்ளப்பட்டு, பண வரவில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் ஏற்படுத்தப்படுகிறது. தங்களின் மேலான பதில் எதிர்பார்க்கப்படுகிறது.”

பதில்: மரியாதை பற்றிய பயத்தை முதலில் தீர்த்துவிடலாம். தமிழில் மரியாதை ‘நீங்கள்’ என்பதிலும், ‘அனுப்புங்கள்’ என்பதன் விகுதியிலும், ‘பேசலாமா?’ என்று கேட்கும் தொனியிலும் இருக்கிறது. ‘படு’ என்ற துணைவினையில் இல்லை. ‘எதிர்பார்க்கப்படுகிறது’ பணிவாகத் தோன்றுவதற்குக் காரணம், அதை அலுவலகச் சுற்றறிக்கைகளில் பார்த்துப் பழகியிருப்பதுதான். சுற்றறிக்கையை எழுதுபவருக்குத் தன் பெயர் அதில் வராமல் இருப்பது வசதி. உங்களுக்கு நேர்மாறாக, யார் எழுதுகிறார்கள் என்பது படிப்பவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

உங்கள் கடிதத்தில் உள்ள ஒவ்வொரு வினையையும் எடுத்து, ‘யார்? எதை? எப்போது?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘வழங்கப்பட்டு வருகின்றன’ என்பதில் வினைக்குள் ஆளே இல்லை. ஆளைக் கொண்டுவர ‘எங்கள் நிறுவனத்தால்’ என்று தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது. ‘அனுப்பினோம்’ என்று எழுதினால் அந்த ஒரே சொல்லில் செய்தவர் நாங்கள், செயல் அனுப்புவது, காலம் முடிந்தது என மூன்றும் வந்துவிடுகின்றன. ‘நாங்கள்’ என்று எழுதக்கூடத் தேவையில்லை, விகுதியே சொல்லிவிடும். தமிழில் செய்வினைக்கு மாறினால் வாக்கியம் சுருங்குவதற்கு இதுதான் காரணம்.

ஆனால் ‘படு’வை மட்டும் எடுத்துவிட்டால் வேலை பாதிதான் முடியும். உங்கள் இரண்டாவது வாக்கியத்தை அப்படியே செய்வினையாக்கிப் பாருங்கள்: “அனுபவம் வாய்ந்த எங்கள் குழு தொடர் நடவடிக்கைகளை மேற்கொண்டு, பண வரவில் குறிப்பிடத்தக்க முன்னேற்றத்தை ஏற்படுத்துகிறது.” இலக்கணப்படி இது செய்வினை. இருந்தாலும் உங்கள் நண்பருக்கு இப்போதும் ஒன்றும் புரியாது. மேற்கொள், ஏற்படுத்து, வழங்கு, அளி, நடத்து என்று சில வினைகள் இருக்கின்றன. இவற்றைப் பக்கத்தில் ஒரு பெயர்ச்சொல் தாங்கிப் பிடிக்க வேண்டும், உண்மையான செயல் அந்தப் பெயர்ச்சொல்லுக்குள் ஒளிந்துகொள்ளும். ‘ஆய்வு மேற்கொண்டோம்’ என்றால் என்ன செய்தீர்கள்? பில்களைப் பிரித்துப் பார்த்தீர்களா, வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டீர்களா, யாரிடமாவது கேட்டீர்களா? அந்தச் செயலின் பெயரையே வினையாக எழுதிவிட்டால் ‘மேற்கொண்டோம்’ தானாக விழுந்துவிடும்.

‘தொடர் நடவடிக்கைகள்’ என்பதற்குள் உங்கள் வேலை முழுவதும் புதைந்து கிடக்கிறது. அது என்ன என்று நீங்கள் எழுதவில்லை. இந்தத் தொழிலில் வழக்கமாக நடப்பதை வைத்து ஊகிக்கிறேன்: பணம் கட்ட வேண்டிய நாள் தாண்டியதும் பில் நகலோடு ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறீர்கள். சில நாள் கழித்துப் போனில் கூப்பிடுகிறீர்கள். “எப்போது அனுப்புவீர்கள்?” என்று கேட்டு ஒரு தேதி வாங்குகிறீர்கள். அந்தத் தேதியை உங்கள் வாடிக்கையாளரிடம் சொல்கிறீர்கள். பில்லில் தகராறு என்றால், அது எதைப் பற்றியது என்று கேட்டு எழுதிக்கொள்கிறீர்கள். அனுப்பு, கூப்பிடு, கேள், சொல், எழுது: எல்லாமே கண்ணால் பார்க்கக்கூடிய செயல்கள். இவற்றில் எதற்கும் ‘அனுபவம் வாய்ந்த’ என்ற அடைமொழி வேண்டாம். கெடு தாண்டிய பத்தாம் நாள் கூப்பிட்டுத் தேதி வாங்கத் தெரிந்தவர்கள் என்றால், அனுபவம் இருப்பது தானே புரியும்.

அடுத்தது ‘குறிப்பிடத்தக்க முன்னேற்றம் ஏற்படுத்தப்படுகிறது’. என்னைக் கேட்டால், நம்பிக்கை உடைவது இங்கேதான். இதைச் செய்வினையாக்கப் போனால் ‘எதை முன்னேற்றினோம்?’ என்ற கேள்வி வந்து நிற்கும். பதில் கையில் இருந்தால் அதை எழுதுங்கள், இல்லையென்றால் வாக்கியத்தையே எடுத்துவிடுங்கள். ‘பல்வேறு நிறுவனங்களுக்கு’ என்பதும் அப்படித்தான். எத்தனை நிறுவனங்கள், என்ன தொழில் என்று சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். இரண்டே இரண்டு நிறுவனங்கள் என்றாலும் ‘இரண்டு அச்சகங்களுக்கு இந்த வேலையைச் செய்கிறோம்’ என்பது ‘பல்வேறு’ என்பதைவிட நம்பும்படி இருக்கும். மூன்றாவதாக ஓர் அச்சகத்துக்கு எழுதும்போது அது இன்னும் பலன் தரும்.

தமிழில் கைவசம் இருக்கும் ஒரு வசதியை இங்கே கவனமாகக் கையாள வேண்டும். குறைந்தது–குறைத்தோம், முடிந்தது–முடித்தோம், சேர்ந்தது–சேர்த்தோம் என்று பல வினைகள் ஜோடியாக வரும். முதலாவதில் செயல் தானாக நடக்கிறது, இரண்டாவதில் அதை நடத்திய ஆள் இருக்கிறார். ‘பாக்கி குறைந்தது’ என்றால் அது யாரால் என்று நீங்கள் சொல்லவில்லை. ‘பாக்கியைக் குறைத்தோம்’ என்றால் முழுப் பொறுப்பையும் உரிமையையும் நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். அந்த மாதம் வாடிக்கையாளர் தானே விலைச்சலுகை கொடுத்து வசூலித்திருந்தால், ‘குறைத்தோம்’ பொய்யாகிவிடும். அப்போது உங்களுடைய செயலையும் விளைவையும் பிரித்து எழுதுங்கள்: “22 பேரைக் கூப்பிட்டோம். 15 பேர் தேதி கொடுத்தார்கள். 11 பேர் அந்தத் தேதிக்குள் கட்டினார்கள்.” (எண்கள் மாதிரிக்குத்தான். உங்கள் பதிவேட்டில் உள்ளதைப் போடுங்கள்.) கூப்பிட்டது நீங்கள், கட்டியது அவர்கள். ஒவ்வொரு வினையும் அதைச் செய்தவரிடமே போய்ச் சேருகிறது, ஒரு சொல்கூட மிகையில்லை. சந்தேகத்தோடு படிப்பவருக்கும் இதில் பிடித்துக் கேட்க எதுவும் கிடைக்காது.

காலத்தையும் பாருங்கள். ‘கூப்பிட்டோம்’ என்பது நடந்த செய்தி, ‘கூப்பிடுகிறோம்’ என்பது வழக்கம், ‘கூப்பிடுவோம்’ என்பது வாக்குறுதி. முன்பின் தெரியாதவர் உங்கள் வாக்குறுதியை நம்பக் காரணம் எதுவும் இல்லை. ஆகவே கடிதத்தில் ஓரிடத்திலாவது இறந்தகால வினை ஒன்று, எண்ணோடும் செயப்படுபொருளோடும் இருக்கட்டும். ‘வருகின்றன’ போன்ற நீட்டல் எந்தக் காலத்திலும் உறுதியாக நிற்காது.

சரி, முழுக் கடிதத்தையும் மாற்றினால் இப்படி வரும்:

“வணக்கம். கெடு தாண்டியும் பணம் வராத பில்களுக்காக, உங்கள் வாடிக்கையாளர்களிடம் உங்கள் சார்பில் பேசிப் பணம் கேட்கிறோம். கெடு முடிந்த 3ஆம் நாள் பில் நகலோடு மின்னஞ்சல் அனுப்புவோம். 10ஆம் நாள் போனில் கூப்பிட்டு, எந்தத் தேதியில் கட்டுவார்கள் என்று கேட்போம். அவர்கள் சொல்லும் தேதி, போனில் பேசிய அன்று மாலையே உங்கள் கைக்கு வந்துவிடும். போன மாதம் ஓர் அச்சகத்துக்காக 22 பேரைக் கூப்பிட்டோம். 15 பேர் தேதி கொடுத்தார்கள், 11 பேர் அந்தத் தேதிக்குள் கட்டினார்கள். உங்களிடம் இருக்கும் மிகப் பழைய 5 பில்களை மட்டும் அனுப்பிப் பாருங்கள். வியாழக்கிழமை 15 நிமிடம் பேசலாமா?”

பழைய கடிதத்தைவிட இது நீளம்தானே என்று தோன்றலாம். கடிதம் நீண்டிருக்கிறது, வாக்கியங்கள் சுருங்கியிருக்கின்றன. முன்பு மூன்று வாக்கியங்களில் ஒரு தகவல்கூட இல்லை. இப்போது வாக்கியத்துக்கு ஒரு தகவலாவது இருக்கிறது. ‘அவர்கள் சொல்லும் தேதி உங்கள் கைக்கு வந்துவிடும்’ என்ற இடத்தில் ‘நாங்கள்’ இல்லை என்பதையும் கவனியுங்கள். அது வேண்டுமென்றே செய்தது. செய்வினைக்கு மாறும் பலர் எல்லா வாக்கியத்தையும் ‘-கிறோம், -கிறோம்’ என்று முடிக்கிறார்கள். தமிழில் வினை கடைசியில் வருவதால் அந்த ஓசை வரிசையாக அடித்து, தற்பெருமை மாதிரி கேட்கும். மூன்று வாக்கியம் ‘-ஓம்’ என்று முடிந்தால், நான்காவதில் படிப்பவரையோ அவருடைய வாடிக்கையாளரையோ எழுவாயாக்குங்கள்.

செயப்பாட்டு வினையை அடியோடு ஒழிக்கவும் வேண்டாம். பழியைப் படிப்பவர் தலையில் போடக் கூடாத இடத்தில் அது உதவும். “நீங்கள் பில்லில் தவறான முகவரியைப் போட்டிருக்கிறீர்கள்” என்பதைவிட “பில்லில் பழைய முகவரி அச்சிடப்பட்டிருக்கிறது” என்பது நாகரிகம். ‘பில்லில் பழைய முகவரி இருக்கிறது’ என்றால் இன்னும் நல்லது. செய்தவர் யாரென்று தெரியாத இடத்திலும், தெரிந்தும் சொல்லக் கூடாத இடத்திலும் தயங்காமல் எழுதுங்கள். உங்கள் தவறை ஒப்புக்கொள்ளும்போது மட்டும் அதைத் தொடாதீர்கள். செயப்பாட்டு வினை இல்லாவிட்டாலும், ‘தாமதம் ஏற்பட்டுவிட்டது’ என்று ஆளை மறைத்து எழுதுபவரிடமும் யாரும் பில்லை ஒப்படைக்க மாட்டார்கள். ‘இரண்டு நாள் தாமதமாக அனுப்பினோம்’ என்று எழுதுங்கள்.

பழைய கடிதங்களைத் திருத்த உட்காரும்போது, கோப்பில் ‘ப்பட’ என்று தேடுங்கள். வழங்கப்பட்டு, மேற்கொள்ளப்படுகிறது, எதிர்பார்க்கப்படும் என்று பெரும்பாலானவை அதில் அகப்படும். அப்புறம் ‘மேற்கொ’, ‘ஏற்படுத்த’ என்று தனித்தனியாகத் தேடுங்கள். முதல் தேடலில் ‘புறப்பட்டோம்’, ‘கவலைப்படாதீர்கள்’ போன்றவையும் சேர்ந்து வரும். அவை செயப்பாட்டு வினைகள் அல்ல, அப்படியே விட்டுவிடலாம். மற்ற ஒவ்வொன்றிலும் யார் செய்தது என்று கேளுங்கள். பதில் ‘நாங்கள்’ என்றால் ‘-ஓம்’ போட்டு எழுதுங்கள். ‘வாடிக்கையாளர்’ என்றால் அவரை எழுவாயாக்குங்கள். பதிலே வரவில்லை என்றால் அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு, அதற்கு முன்னும் பின்னும் உள்ளவற்றைச் சேர்த்துப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் கடிதத்தில் எதுவும் குறைந்திருக்காது.