கறியை நிறுத்த வேண்டாம். குழிக்கரண்டியை அளந்து பாருங்கள்

கேள்வி: என் கணவருக்கு வயது 52. ரத்தப் பரிசோதனையில் எல்.டி.எல். 168, டிரைகிளிசரைடு 190 என்று வந்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் பெரும்பாலும் தினமும் மீன், ஞாயிறு ஆட்டுக்கறி, இடையில் கோழி. தேங்காய் அரைக்காமல் குழம்பு வைத்தால் யாருக்கும் இறங்காது. கறி, மீன் எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டுமா? எந்தப் பகுதியை வாங்கி எப்படிச் சமைத்தால் அவருக்குக் கொடுக்கலாம்?
- வாசகி, மார்த்தாண்டம்

பதில்: நிறுத்த வேண்டாம், சகோதரி. மீனை நிறுத்தவே கூடாது. உங்கள் ஊர்ச் சமையலில் கொழுப்பு பெரும்பாலும் கறிக்கடையிலிருந்து வருவதில்லை, அடுப்படியில்தான் சேர்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் குழம்பையே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அரைக் கிலோ ஆட்டுக்கறி, நான்கு பேர். தாளிக்கவும் வதக்கவும் ஒரு குழிக்கரண்டி தேங்காய் எண்ணெய், சுமார் 50 மில்லி. அரைக்க ஒரு மூடித் தேங்காய், துருவினால் சுமார் 120 கிராம். எண்ணெயில் 46 கிராம் கொழுப்பு, தேங்காயில் ஏறத்தாழ 40 கிராம். ஆக, கறியைச் சேர்க்காமலே தலைக்கு 21 கிராம். தேங்காயில் இருப்பது பெரும்பாலும் நிறைவுற்ற கொழுப்பு என்பதால், அந்த 21-இல் 19 கிராம் வரை அந்த வகைதான். நாளொன்றுக்கு 1800 கலோரி சாப்பிடுகிறவருக்கு நிறைவுற்ற கொழுப்பு 20 கிராமைத் தாண்டக் கூடாது. எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரால் ஏறியவருக்கு அதற்கும் கீழே இருப்பது நல்லது. ஒரு வேளைக் குழம்பிலேயே அன்றைய பங்கு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது.

தேங்காய் எண்ணெய் பாக்கெட்டில் ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்று எழுதியிருப்பது உண்மைதான். ஆனால் நிறைவுற்ற கொழுப்பு அதிகமானால், ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை இழுத்துக்கொள்ளும் வேலையைக் கல்லீரல் குறைத்துக்கொள்கிறது. எண் ஏறுவது அதனால்தான்.

இனி கடைக்குப் போவோம். செம்மறியைவிட வெள்ளாட்டில் கொழுப்பு குறைவு. தொங்கவிட்டிருக்கும் ஆட்டின் முதுகிலும் இடுப்பிலும் தடித்த வெள்ளைப் படலம் மூடியிருந்தால் அந்தக் கறி வேண்டாம். பின்தொடையைக் கேளுங்கள். விலாவும் நெஞ்செலும்பும் ருசிதான். அந்த ருசி இழைகளுக்கு நடுவே ஓடும் கொழுப்பின் ருசி, அதைக் கத்தியால் எடுக்க முடியாது. தொடையில் கொழுப்பு வெளிப்பக்கமாகவே இருப்பதால் சீவி எடுத்துவிடலாம். சீவிய வெள்ளாட்டுத் தொடையில் 100 கிராமுக்கு 3, 4 கிராம் கொழுப்புதான் இருக்கும். எடைக்கு ஈடாகக் கடைக்காரர் போடும் கொழுப்புத் துண்டை அங்கேயே திருப்பிக் கொடுங்கள். கொத்துக்கறி வேண்டுமானால் தொடையைக் காட்டி, கண் முன்னால் கொத்தச் சொல்லுங்கள். ஏற்கெனவே கொத்தி வைத்ததில் என்ன கலந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. மூளையும் ஈரலும் இப்போதைக்கு வேண்டாம்.

கோழியில் விஷயம் எளிது. உங்கள் பக்கம் மஞ்சள் தடவித் தீயில் வாட்டி, தோலோடு வெட்டிக் கொடுப்பார்கள். தோலை உரித்துக் கேளுங்கள், கொழுப்பில் பாதி அதோடு போய்விடும். நெஞ்சுக்கறி மிகக் குறைந்த கொழுப்பு உடையது. தோல் உரித்த காலும் இடையிடையே பரவாயில்லை.

சமைக்கும் முறைக்கு வருகிறேன், கெட்டுப்போவது இங்கேதான். கறியை முதலில் தனியாக வேகவையுங்கள். சிறு துண்டுகளாக, இழைக்குக் குறுக்கே வெட்டி, இஞ்சி, பூண்டு, மஞ்சள், உப்பு, ஒரு டம்ளர் தண்ணீர் சேர்த்து, நான்கைந்து விசில் வந்தபின் தீயைக் குறைத்துக் கால் மணி நேரம் விடுங்கள். கொழுப்பில்லாத தொடைக்கறி அவசரத்தில் ரப்பராகிவிடும். இந்த மெதுவான கால் மணி நேரம்தான் அதை மிருதுவாக்கும். முடிந்தால் இதைச் சனிக்கிழமை இரவே செய்து, ஆறியபின் ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் மேலே மெழுகுபோல் வெள்ளை ஏடு உறைந்திருக்கும். கரண்டியால் அதை முழுசாக எடுத்து எறியுங்கள். கத்திக்குத் தப்பிய கொழுப்பு அதுதான்.

அடுத்து மசாலா. ஒரு மூடிக்குப் பதில் இரண்டு மேசைக்கரண்டித் துருவல் போதும். ஆனால் பச்சையாக அரைக்காதீர்கள். எண்ணெய் விடாத வாணலியில், சிறு தீயில், மல்லி, மிளகு, நாலைந்து சின்ன வெங்காயத்தோடு பழுப்பாகும் வரை வறுங்கள். தேங்காயில் இருக்கும் எண்ணெயே வறுக்கப் போதும். வறுத்த தேங்காயின் மணம் பச்சைத் தேங்காயைவிடப் பலமடங்கு தூக்கலாக இருப்பதால் குறைத்தது தெரியாது. குழம்பு நீர்த்துப்போகும் என்ற கவலைக்கு, வதக்கும் வெங்காயத்தை இரட்டிப்பாக்கி, அதில் பாதியை மசாலாவோடு சேர்த்து அரையுங்கள்.

வதக்க இரண்டு தேக்கரண்டி எண்ணெய், அதாவது 10 மில்லி. அடிப்பிடிக்கும் என்பீர்கள். வெங்காயத்தைப் போட்டதுமே உப்பைச் சேர்த்து மூடினால் அதன் நீரிலேயே வதங்கும். சட்டி காய்ந்து ஒட்டத் தொடங்கியதும் எண்ணெய் விடாமல், கறி வெந்த சூப்பில் இரண்டு கரண்டி விட்டுச் சுரண்டுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் நிறமும் வந்துவிடும். ‘எண்ணெய் பிரிந்து வரும் வரை’ காத்திருக்காதீர்கள். இதில் பிரிய எண்ணெய் இருக்காது, காத்திருந்தால் மசாலா கருகிக் கசக்கும். பச்சை வாசனை போனதும் இறக்குங்கள். தேங்காய் எண்ணெயின் மணம் வேண்டுமென்றால், அந்தப் பத்து மில்லியிலிருந்தே அரைத் தேக்கரண்டியை ஒதுக்கி வைத்து, இறக்கியபின் கறிவேப்பிலையோடு மேலே விட்டு மூடிவையுங்கள். தொடக்கத்தில் விடும் எண்ணெயின் மணம் ஆவியோடு போய்விடுகிறது, கடைசியில் விட்டது நிற்கிறது. இப்படி வைத்தால் எண்ணெயும் தேங்காயும் சேர்ந்து தலைக்கு 4 கிராம் கொழுப்புக்குள் நிற்கும்.

கோழி நெஞ்சுக்கறியை இதேபோல் நெடுநேரம் வேகவைத்துவிடாதீர்கள். கொழுப்பு இல்லாததால் நீர் வற்றிச் சக்கையாகும். புளிக்காத தயிரில் அரை மணி ஊறவைத்து, மசாலா கொதித்தபின் போட்டு, ஒரு அங்குலத் துண்டுகளை எட்டு முதல் பத்து நிமிடம். தடித்த துண்டைப் பிய்த்துப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு மறைந்து, சாறு தெளிவாக வந்தால் இறக்கிவிடலாம்.

மீனில் சாளையையும் அயிலையையும் கொழுப்பு மீன் என்று ஒதுக்காதீர்கள். அந்தக் கொழுப்பு வேறு. டிரைகிளிசரைடைக் குறைக்க உதவும் ஒமேகா-3 அதில்தான் இருக்கிறது. விளமீனும் பாறையும் கொழுப்பு குறைந்தவை. மீனைக் கெடுப்பது பொரிப்பதுதான். பொரிப்பதற்குப் பதில் வாழையிலையில் சுடுங்கள்: மிளகாய், மிளகு, மஞ்சள், பூண்டு, எலுமிச்சைச் சாறு தடவி, தீயில் வாட்டிய இலையில் பொதிந்து, தோசைக்கல்லில் சிறு தீயில் பக்கத்துக்கு ஆறேழு நிமிடம். இலையை வாட்டாமல் மடித்தால் கிழிந்து சாறு ஓடிவிடும். குழம்புக்கு, எல்லைக்கு அப்பால் கேரளத்தில் குடம்புளி போட்டுத் தேங்காய் இல்லாமல் ‘முளகிட்டு’ வைப்பார்களே, அதை வாரத்தில் நாலு நாள் வையுங்கள்.

ஆட்டுக்கறி வாரத்துக்கு ஒருமுறை, பச்சைக் கறி எடையில் அவருக்கு 100 கிராம். மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். எட்டு வாரம் இப்படிச் சமைத்தபின் மறுபடி ரத்தப் பரிசோதனை செய்து, இரண்டு அறிக்கைகளையும் உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீரகக் கோளாறு ஏதும் அவருக்கு இருந்தால், கறியின் அளவை மருத்துவரிடம் கேட்ட பிறகே முடிவு செய்யுங்கள்.