கவுன்சிலரால் எது முடியும், வாரியத்தால் எது முடியும்? – சென்னையும் சுற்றுவட்டாரமும்: கேள்வி பதில்

ராஜேஸ்வரி, வளசரவாக்கம்: எங்க தெருவுல ஒரு வாரமா சாக்கடை பொங்குது. கவுன்சிலர்கிட்ட போனா "அது மெட்ரோ வாட்டர் வேலைம்மா"ங்கிறார். தட்டிக் கழிக்கிறாரா?

அவர் சொன்னதில் தவறில்லை. சென்னை மாநகரில் குடிநீரும் கழிவுநீரும் 1978-ஆம் ஆண்டு சட்டத்தால் உருவான சென்னைக் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. மழைநீர் வடிகால் மட்டும் மாநகராட்சியிடம் இருக்கிறது. அதனால் எங்கே பொங்குகிறது என்று முதலில் பாருங்கள். சாலைக்குள் இருக்கும் வட்ட மூடிக் குழி என்றால் பெரும்பாலும் வாரியத்தின் பாதாளச் சாக்கடை. சாலையோரத்தில் கான்கிரீட் பலகை போட்டு மூடிய நீளமான கால்வாய் என்றால் மாநகராட்சியின் வடிகால்.

சிக்கல் வருவது வடிகாலுக்குள் கழிவுநீர் ஓடும்போதுதான். மாநகராட்சி "இது கழிவுநீர்" என்று சொல்லும், வாரியம் "இது உங்கள் வடிகால்" என்று சொல்லும். மழையே இல்லாத நாளில், வீடுகளில் குளித்துத் துவைக்கும் காலை வேளையில் ஓட்டம் கூடி மதியம் குறைந்தால், யாரோ வீட்டுக் கழிவுநீரை வடிகாலில் இணைத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். அல்லது அருகில் உள்ள பாதாளச் சாக்கடை அடைத்து அதில் வழிகிறது. இரண்டையும் படம் எடுத்து, நேரத்தைக் குறித்து, வாரியத்துக்கு 1916-லும் மாநகராட்சிக்கு 1913-லும் தனித்தனியாகப் புகார் செய்யுங்கள். இரண்டு புகார் எண்களையும் கவுன்சிலரிடம் கொடுங்கள். வாரியப் பொறியாளருக்கு உத்தரவு போட அவருக்கு அதிகாரம் இல்லை. ஆனால் எண்களைச் சொல்லி மண்டலக் கூட்டத்தில் கேட்க முடியும். "சாக்கடை பொங்குது" என்று வாயால் சொல்வதைவிட, எண்ணைச் சொல்லிக் கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

செல்வகுமார், ஆவடி: 74-வது திருத்தமே குடிநீரை நகராட்சிக்குக் கொடுத்துடுச்சே. அப்போ இந்த வாரியம் இருக்கிறதே அரசியல் சட்டத்துக்கு விரோதம்தானே?

பாதி சரி. அந்தத் திருத்தம் அரசியல் சட்டத்தில் சேர்த்த பன்னிரண்டாவது அட்டவணையில் உள்ள 18 இனங்களில் நகரத் திட்டமிடலும் இருக்கிறது, குடிநீரும் இருக்கிறது. ஆனால் 243W பிரிவு, மாநிலச் சட்டமன்றம் அந்த அதிகாரங்களை உள்ளாட்சிக்குச் சட்டத்தின் மூலம் "வழங்கலாம்" என்றுதான் சொல்கிறது, "வழங்க வேண்டும்" என்று சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வும் குடிநீர் வாரியமும் நிற்கின்றன.

உள்ளாட்சிக்கு அரசியல் சட்டம் உறுதி செய்வது வேறு. ஐந்தாண்டுப் பதவிக்காலம், கலைத்தால் ஆறு மாதத்துக்குள் தேர்தல். வாரியத்துக்கு இந்த இரண்டும் இல்லை. அதன் தலைவர் துறை அமைச்சர், மேலாண்மை இயக்குநர் ஐ.ஏ.எஸ். அதிகாரி. அவர்களை அமர்த்துவது அரசு, மாற்றுவதும் அரசு.

செல்வகுமார்: அந்த உறுதி 2016-லிருந்து 2022 வரைக்கும் எங்கே போச்சு?

நியாயமான கேள்வி. அந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டு நகர்ப்புற உள்ளாட்சிகளைத் தனி அலுவலர்கள் நடத்தினார்கள், மன்றமே இல்லை. வாரியத்தின் அமைப்பு அப்படியே இருந்தது. வாரியம் வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் இதையே தங்களுக்குச் சாதகமாகக் காட்டுகிறார்கள். என் கருத்தில், வாக்காளர் கேள்வி கேட்க முடியாத அமைப்பிடம் குழாய்த் தண்ணீர் இருப்பது சரியில்லை. ஆனால் பல உள்ளாட்சி எல்லைகளைத் தாண்டும் குழாயை ஒரு நகராட்சி மட்டும் எப்படி நிர்வகிக்கும் என்று கேட்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது.

மலர்விழி, கொளத்தூர்: எங்க வீட்ல போர்தான். மெட்ரோ வாட்டர் இணைப்பே வாங்கலை. ஆனா வரி மட்டும் வருதே?

வரி வேறு, கட்டணம் வேறு. கட்டணம் இணைப்புக்கும் பயன்பாட்டுக்கும் உரியது. வாரியத்தின் குடிநீர், கழிவுநீர் வரி கட்டடத்தின் ஆண்டு மதிப்பின் மேல், அதாவது அதற்கு ஆண்டுக்கு வரக்கூடிய வாடகைக் கணக்கின் மேல் விழுவது. இணைப்பு இல்லை என்பதற்காக அது நீங்காது.

ஆண்டு மதிப்பில் 7 சதவீதம், அரையாண்டுக்கு மூன்றரை. உங்கள் வீட்டின் ஆண்டு மதிப்பு ரூ. 40,000 என்றால் ஆண்டுக்கு ரூ. 2,800, அரையாண்டுக்கு ரூ. 1,400. அந்த ஆண்டு மதிப்பை நிர்ணயிப்பது வாரியம் அல்ல, மாநகராட்சி. மாடியின் பரப்பை அதிகமாகப் பதிந்துவிட்டார்கள் என்று வாரிய அலுவலகத்தில் எத்தனை முறை மனு கொடுத்தாலும் நடக்காது. மாநகராட்சியின் வருவாய்ப் பிரிவில் சொத்து வரி மதிப்பீட்டைத் திருத்துங்கள். பிறகு அந்தத் திருத்த ஆணையின் நகலை வாரியத்தின் பகுதி அலுவலகத்தில் கொடுங்கள்.

முருகேசன், குன்றத்தூர் பக்கம்: சார், 2012-ல பிளாட் வாங்கினேன். பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கு. "பஞ்சாயத்து அப்ரூவல்"னு சொல்லித்தான் வித்தாங்க. இப்போ செல்லாதுங்கிறாங்க. தேர்ந்தெடுத்த தலைவர் கையெழுத்து எப்படி செல்லாமப் போகும்?

தேர்தலில் வென்றதால் ஒருவருக்கு எல்லா அதிகாரமும் வந்துவிடாது. நிலத்தை மனைகளாகப் பிரிக்கும் வரைபடத்துக்கு ஒப்புதல் தருவது 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி திட்டக் குழுமத்தின் வேலை. சென்னைப் பெருநகர்ப் பகுதியில் சி.எம்.டி.ஏ., மற்ற இடங்களில் பெரும்பாலும் நகர் ஊரமைப்பு இயக்ககமான டி.டி.சி.பி. சின்ன வீடுகளுக்கான அனுமதியை சி.எம்.டி.ஏ. உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்திருக்கிறது. ஊராட்சி அனுமதி கொடுத்த வீடுகளைப் பார்த்த மக்கள் மனைப்பிரிவுக்கும் அது போதும் என்று நம்பிவிட்டார்கள். விற்றவர்கள் அந்த நம்பிக்கையைப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

உங்கள் பத்திரம் 20.10.2016-க்கு முன் பதிவானது. அந்தத் தேதிக்கு முன் பதிவான அனுமதியற்ற மனைகளை முறைப்படுத்த 2017-இல் வந்த வரன்முறைத் திட்டம் உங்களைப் போன்றவர்களுக்காகத்தான். விண்ணப்ப அவகாசத்தைப் பலமுறை நீட்டித்திருக்கிறார்கள். இன்றைய நிலையை சி.எம்.டி.ஏ. இணையதளத்தில் பாருங்கள். வரன்முறை ஆணை இல்லாமல் கட்டட அனுமதி வாங்குவது சிக்கலாகும்.

இன்னொன்றையும் பாருங்கள். முறையான மனைப்பிரிவில் சாலைகளையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். வரைபடத்துக்கு ஒப்புதல் தருவது குழுமம், சாலை போடுவதும் விளக்கு எரிப்பதும் உள்ளாட்சி. இரண்டையும் இணைப்பது அந்தப் பத்திரம்தான். உங்கள் மனையின் எண்ணுக்கு மட்டும் வில்லங்கம் போட்டால் அது தெரியாது. மொத்த சர்வே எண்ணுக்கும் போடுங்கள். ஊராட்சியின் பெயருக்குத் தானப் பத்திரம் வரவில்லை என்றால் சாலை இன்னும் தனியார் நிலம். "எங்கள் சாலை இல்லை, பணம் செலவிட முடியாது" என்று ஊராட்சி சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். பூங்கா இடத்தைப் பிற்பாடு மனையாக விற்பதும் இப்படித்தான் நடக்கிறது.

ஃபாத்திமா, ராமநாதபுரம் மாவட்டம்: எங்க ஊர்ல காவிரித் தண்ணி பத்து நாளைக்கு ஒரு தடவைதான் வருது. இங்க மெட்ரோ வாட்டர் கிடையாது. யாரைக் கேக்கணும்?

உங்கள் பக்கம் இருப்பது 1971 முதல் இயங்கும் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம். அது கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைக் கட்டி, மொத்தமாகத் தண்ணீரை ஊர்த் தொட்டி வரை கொண்டுவரும். தொட்டியிலிருந்து தெருக்குழாய் வரை ஊராட்சியின் பொறுப்பு. அதனால் தொட்டிக்குத் தண்ணீர் வருகிறதா என்று முதலில் கேளுங்கள். தொட்டி நிறைந்தும் உங்கள் தெருவுக்கு வரவில்லை என்றால் வால்வு, கசிவு, திறந்துவிடும் முறை எல்லாம் ஊராட்சியின் விவகாரம். தொட்டியே நிறையவில்லை என்றால், வரவை அளக்கும் மீட்டரின் அளவைத் தேதி வாரியாகக் கேட்டு வாங்கி, வாரியத்தின் நிர்வாகப் பொறியாளருக்கு எழுதுங்கள். பக்கத்து ஊரின் அளவும் கிடைத்தால் வழியில் எங்கே குறைகிறது என்று தெரிந்துவிடும்.

கார்த்திக், திருவள்ளூர்: எங்க கிராமசபையில, விவசாய நிலத்தைத் தொழிற்சாலைப் பகுதியா மாத்தக் கூடாதுன்னு தீர்மானம் போட்டோம். சி.எம்.டி.ஏ.வைக் கட்டுப்படுத்துமா?

கட்டுப்படுத்தாது. நில உபயோக மாற்றம் 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 32(4) பிரிவில் நடக்கிறது. அதற்கு முன் நாளிதழில் அறிவிப்பு வரும், ஆட்சேபம் தெரிவிக்கக் கெடு இருக்கும். தீர்மான நகலைக் கெடுவுக்குள் சர்வே எண்ணுடன், ஏரிக்கு நீர் வரும் வாய்க்கால் அந்த நிலத்தில் இருந்தால் கிராம வரைபடத்தில் அதைக் குறித்து, ஆட்சேபமாகக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். கெடு முடிந்த பின் வரும் தீர்மானத்துக்குக் கோப்பில் இடமே இருக்காது.

கார்த்திக்: கொடுத்தும் மாத்திட்டாங்கன்னா?

ஆட்சேபத்தைப் பரிசீலித்தார்களா, என்ன காரணம் எழுதியிருக்கிறார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கோப்புக் குறிப்பைக் கேளுங்கள். காரணமே எழுதாமல் தள்ளியிருந்தால் உயர் நீதிமன்றத்தில் அதுதான் உங்கள் முதல் வாதம். காரணம் எழுதியிருந்தால் வழக்கு கடினமாகும்.